"மண்டபத்துக்கிட்ட" என்று அந்த அக்கா சொன்னார்: ஓர் அவசர அழைப்பை மறுபடி பதிவேட்டில் எழுதிய அனுபவம்

எங்கள் ஷிப்ட் பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருந்தது. இடம்: ஊர் பெயர். நிலை: மீன் கடி, மயக்கம். வண்டி: 3. அனுப்பியது: 03:45. சேர்ந்தது: 04:22.

மண்டபம் முகாம் பக்கம் நிற்கிற வண்டி, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு, ஆளில்லாத ராத்திரி ரோட்டில் 37 நிமிடம் எடுத்திருக்கிறது. மாதக் கூட்டத்தில் பொறுப்பாளர் அந்த வரியில் விரலை வைத்து, "வழியில எங்க நின்னீங்க?" என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டார். "சார், நான் முதல்ல வேற இடத்துக்குப் போனேன்" என்றார் அண்ணன். "அது எங்க எழுதியிருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை எழுதியவன் நான். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ராமநாதபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆம்புலன்ஸ் சேவையில் நான் இரவு மேசை பார்க்கிறேன். 108 மாதிரிப் பெரிய ஏற்பாடு கிடையாது. நான்கு வண்டி, இரண்டு போன் லைன், இரண்டிலும் பேசுவதைப் பதிவு செய்யும் ஒரு ரெக்கார்டர், அப்புறம் கணினியில் ஓர் எக்செல் தாள். அந்தத் தாள்தான் பதிவேடு. ராத்திரி எட்டு மணி முதல் காலை எட்டு வரை ஒரே ஆள்தான். போன் எடுப்பதும், வண்டி அனுப்புவதும், எழுதுவதும் அவரே. அழைப்பு நடக்கும்போது கிறுக்கி வைப்பதை, விடியற்காலையில் ஓய்வு கிடைத்தால் பதிவைக் கேட்டு ஒழுங்காக ஏற்ற வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நான் பதிவைக் கேட்கவில்லை. நினைவிலிருந்து ஏற்றினேன்.

கூட்டம் முடிந்த அன்று மாலையே மேசைக்கு வந்து, அந்த இரவின் கோப்புகளைத் தேடி எடுத்து, ஹெட்போன் போட்டு உட்கார்ந்தேன். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், தென்கடல் ஓரத்தில் இருக்கிற ஊர் என்பது போதும்.

முதல் கோப்பின் பெயர் `034112_L2.wav`. அதாவது ரெக்கார்டரின் கடிகாரப்படி அதிகாலை 3 மணி 41 நிமிடம் 12 விநாடிக்கு இரண்டாவது லைனில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்பதாவது விநாடியில் என் குரல் வருகிறது. முதல் தடவை கேட்கும்போது எதையும் எழுதாமல் முழுக்கக் கேட்டேன். இது முக்கியம். எழுதிக்கொண்டே கேட்டால் முதலில் எழுதியதற்கு ஏற்ற மாதிரிதான் மீதியும் காதில் விழும். இரண்டாவது தடவைதான் நிறுத்தி நிறுத்தி, ஓடுகிற விநாடி எண்ணைப் பக்கத்தில் போட்டு எழுதினேன்.

அழைத்தது ஒரு பெண். "தம்பி, எங்க கொழுந்தனுக்குத் திருக்கை முள்ளு குத்திருச்சாம். தொடையில. ரத்தம் நிக்கலையாம். கண்ணு சொருகுதாம். வள்ளத்துல கொண்டு வந்துக்கிட்டு இருக்காங்க."

"எங்க வர்றாங்கக்கா?"

"மண்டபத்துக்கிட்டதான் கரை ஏறுவாங்க."

"சரிக்கா, வண்டி அனுப்புறேன்."

இவ்வளவுதான் இடத்தைப் பற்றிய பேச்சு. இது நடப்பது 1 நிமிடம் 5 விநாடியில். அந்த ராத்திரி என் காதில் விழுந்தது மண்டபம் என்கிற ஊர். தென்கடல் என்பதால் மண்டபம் தெற்கு இறங்குதளம் என்று நானே முடிவு செய்து வண்டியை அங்கே அனுப்பினேன். அவர் சொன்னது அவர் ஊர்க் கரையில் இருக்கும் மண்டபக் கட்டடத்தை. மறுபடி கேட்கும்போது அது தெளிவாகவே இருக்கிறது. ஊரைச் சொல்வதானால் "மண்டபத்துக்கு வர்றாங்க" என்றிருப்பார். "மண்டபத்துக்கிட்டதான்" என்றால் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்கிறார். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரே மண்டபம். அதோடு கல்யாண மண்டபம் இல்லாத ஊரும் கிடையாது. இந்தச் சொல் வந்தால் ஒரு தடவை "ஊரா, கட்டடமா?" என்று கேட்டாக வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

இங்கேதான் பதிவேட்டின் 'இடம்' என்கிற ஒற்றைக் கட்டம் என்னைக் கெடுத்தது. கடலோரத்து அழைப்பில் இடம் ஒன்றல்ல, மூன்று. அழைத்தவர் இருக்கும் இடம் ஒன்று: இங்கே ஓர் ஊரில் ஒரு வீடு. நோயாளி இருக்கும் இடம் இன்னொன்று: நகர்ந்துகொண்டிருக்கும் வள்ளம். வண்டி போய் நிற்க வேண்டிய இடம் மூன்றாவது. ரோட்டு விபத்தில் பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் ஒரு கட்டம் போதும். கடலில் போதாது. வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்கிறோமே, அதுவும் அனுப்புகிற போன் இருக்கும் இடத்தைத்தான் காட்டும். கொழுந்தன் கடலில் கிடக்க, அண்ணி வீட்டின் புள்ளி வந்து நிற்கும்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. வண்டி கடைசியில் அந்த ஊருக்குத்தான் போனது என்பதால், காலையில் 'மண்டபம் தெற்கு' என்று இருந்ததை அழித்துவிட்டு ஊர் பெயரைப் போட்டேன். சரியான தகவலைப் போடுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால் 03:45-க்கு எனக்குத் தெரிந்திருந்தது அந்த ஊர் இல்லை. பிற்பாடு தெரிந்ததை முன்பே தெரிந்த மாதிரி எழுதியதால், நடுவில் வண்டி வேறு இடத்தில் நின்ற கதையே காணாமல் போய்விட்டது. பழி முழுவதும் ஓட்டியவர் தலையில் விழுந்தது.

இரண்டாவது கோப்பு `034820_L2.wav`. வள்ளத்திலிருந்தே பேசுகிறார்கள். எஞ்சின் சத்தமும் கச்சான் காற்றும் சேர்ந்து பாதிப் பேச்சு காதில் ஏறவில்லை. 14-ஆவது விநாடியிலிருந்து ஐந்து விநாடிக்கு எதுவுமே புரியவில்லை. முன்னெல்லாம் இப்படி வந்தால், என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்து நிரப்பிவிடுவேன். இப்போது "00:14–00:19 கேட்கவில்லை, காற்று" என்று அப்படியே எழுதுகிறேன். அந்த ஐந்து விநாடியில் என்ன இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால், தெரியாது என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு அவர் ஜிபிஎஸ்ஸைப் படிக்கிறார். "ஒம்போது, பதினாலு, நானூத்தி அம்பது. எழுபத்தொம்பது, நாலு, எரநூறு." அன்று நான் வரைபடத்தில் அடித்தது `9.14450, 79.04200`. புள்ளி போய் விழுந்தது முயல் தீவுக்கு வெளியே, நல்ல ஆழ்கடலில். "இவ்வளவு தூரத்திலிருந்து வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், வண்டி அங்கேயே நிற்கட்டும்" என்று நினைத்தேன். அவர் "கால் மணி நேரத்துல கரை" என்று சொன்னதை, பதற்றத்தில் சொல்கிறார் என்று தள்ளிவிட்டேன்.

படகு ஜிபிஎஸ்ஸில் திரை பெரும்பாலும் `N 09°14.450'` என்று காட்டும். 9 பாகை, 14.450 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 14.450-ஐ 60-ஆல் வகுத்து 9-உடன் கூட்ட வேண்டும்: 9.2408. அதே மாதிரி 4.200-ஐ 60-ஆல் வகுத்தால் 79.0700. இதை அடித்ததும் புள்ளி கரைக்கும் முயல் தீவுக்கும் நடுவில் வந்து விழுந்தது. நான் அன்று நினைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தள்ளி. அதைவிட முக்கியம், அந்தப் புள்ளி மண்டபத்துக்கு நேரே இல்லை. மேற்கே, அந்த அக்காவின் ஊருக்கு நேரே இருந்தது. வள்ளம் எங்கே கரையேறப் போகிறது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. எண்ணைச் சரியாக அடித்திருந்தால் அப்போதே வண்டியைத் திருப்பியிருப்பேன்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மூன்று துண்டாகப் படித்தால் (ஒன்பது, பதினாலு, நானூற்று ஐம்பது) அது பெரும்பாலும் படகு ஜிபிஎஸ், கலைக் கணக்கு. ஒரு புள்ளி மட்டும் வைத்து நீளமாகப் படித்தால் அது செல்போன் வரைபடத்தின் கணக்கு. சந்தேகம் வந்தால் "திரையில இருக்கிற கோடு, புள்ளி எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தினமும் அதைப் பார்த்துத்தான் வலை போட்ட இடத்துக்குப் போகிறார்கள். பதிவேட்டில் அவர் வாயால் சொன்ன எண்ணை அப்படியே ஒரு வரியிலும், நான் மாற்றி எடுத்த எண்ணை அடுத்த வரியிலும் எழுத வேண்டும். மாற்றியதை மட்டும் எழுதினால், தப்பு அவர் படித்ததிலா நான் வகுத்ததிலா என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது நிலை. நான் எழுதியிருந்தது 'மீன் கடி, மயக்கம்'. இரண்டு சொல்லும் பதிவில் எங்குமே இல்லை. திருக்கை கடிப்பதில்லை, வாலில் இருக்கும் முள்ளால் குத்தும். முள்ளின் இரு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும், நஞ்சும் உண்டு. 'மீன் கடி' என்று படிக்கிறவருக்குக் காலில் ஒரு கீறல் என்றுதான் தோன்றும். தொடையில் ஆழமாகப் பாய்ந்த முள் என்பது வேறு விஷயம். அங்கே பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது.

'மயக்கம்' இன்னும் மோசம். தமிழில் லேசான தலைச்சுற்றலும் மயக்கம்தான், பேச்சு மூச்சு இல்லாமல் கிடப்பதும் மயக்கம்தான். அக்கா சொன்னது "கண்ணு சொருகுதாம்". அந்த 'ஆம்' கவனிக்க வேண்டியது. அவர் பார்க்கவில்லை. வள்ளத்திலிருந்து வந்த போனில் கேட்டதைச் சொல்கிறார். குத்திருச்சாம், நிக்கலையாம், சொருகுதாம். தமிழில் ஒருவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாரா, காதால் கேட்டதைச் சொல்கிறாரா என்பதை வினைச்சொல்லின் வாலே காட்டிவிடும். பதிவேட்டில் ஏற்றும்போது அந்த வாலை வெட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது அழைப்பில் வள்ளத்தில் இருந்தவர் சொல்வதில் 'ஆம்' இல்லை: "பேசுறான், ஆனா நடுங்குறான். துணிய வச்சு இறுக்கிக் கட்டிருக்கோம். முள்ளு உள்ளதான் இருக்கு." இது பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னது. நினைவோடு இருக்கிறார், பேசுகிறார் என்பது இதில் உறுதியாகிறது. இரண்டும் தனித்தனி வரி, தனித்தனி நேரம். பின்னால் வந்ததை வைத்து முன்னால் வந்ததைத் திருத்தக் கூடாது.

"முள்ள இழுக்காதீங்கண்ணே, அப்படியே ஆடாம கொண்டு வாங்க" என்று நான் சொன்னதும் அந்தப் பதிவில் 47-ஆவது விநாடியில் இருக்கிறது. ஆழமாகப் பாய்ந்த முள்ளை வழியில் பிடுங்கினால் ரத்தம் கூடும், முள் முறிந்து உள்ளேயும் தங்கும். நாம் சொன்ன யோசனையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் "யாரும் முள்ளை எடுக்கப் பார்த்தார்களா?" என்று கேட்டால் பதில் அங்கே இருக்கும்.

நிலையைப் பற்றி எழுதும்போது நான் இப்போதும் பயப்படுகிற சொல் 'இழுக்குது' என்பது. "அப்பாவுக்கு இழுக்குது தம்பி" என்று ஓர் அழைப்பு வந்தால் நான்கு விதமாக எடுத்துக்கொள்ளலாம். மூச்சு இழுப்பு, அதாவது ஆஸ்துமா. வலிப்பில் கை கால் இழுப்பது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் பக்கவாதம். அப்புறம், கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு கிடப்பது. கடைசியாகச் சொன்னதற்கு நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். வலிப்பு வந்தவரை அழுத்தவே கூடாது. அதனால் "எது இழுக்குது? மூச்சா, கையா, வாயா?" என்று கேட்டு, வந்த பதிலை எழுத வேண்டும். கேட்க முடியாமல் போயிருந்தால் 'மூச்சுத் திணறல்' என்று அழகுபடுத்தாமல், "இழுக்குது" என்று மேற்கோளோடு அவர் சொன்னதையே எழுதிவிடுவது நல்லது. கட்டத்துக்குப் பொருந்துகிற மருத்துவச் சொல் அவர் சொன்னதாக ஆகாது.

வண்டி பற்றிய பகுதி சின்னது, ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்குள் 'மண்டபம் வண்டி', 'பாம்பன் வண்டி' என்றுதான் பேசுவோம். ஒரு வண்டி பட்டறைக்குப் போனால் இன்னொன்று அந்த இடத்தில் நிற்கும். அன்றைக்கு அதற்கும் 'மண்டபம் வண்டி' என்றுதான் பெயர். அதனால் எழுதும்போது நிற்கிற இடத்தை வைத்து எழுதாமல் வண்டி எண்ணை வைத்து எழுதுகிறோம். அனுப்பிப் பாதியில் திருப்பிய வண்டி, வேண்டாம் என்று நிறுத்திய வண்டி எல்லாமே வரியாக இருக்க வேண்டும். வீட்டார் 108-க்கும் அடித்திருக்கிறோம் என்று சொன்னால் அதையும் சொன்ன நேரத்தோடு எழுதுகிறோம், நம் வண்டி இல்லை என்றாலும்.

இனி நேரம். ரெக்கார்டரின் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. மேசையில் நான் எழுதிய நேரம் என் செல்போனைப் பார்த்து. டிரைவர் அண்ணன் 'கிளம்பியாச்சு', 'வந்தாச்சு' என்று வாட்ஸப்பில் போட்டது அவர் போனின் நேரம். மூன்று கடிகாரத்தையும் ஒரே வரியில் கலந்தால் வண்டி அனுப்புவதற்கு முன்பே கிளம்பியது மாதிரிக்கூட வரும். முதலில் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்றைய வித்தியாசத்தை இப்படிக் கண்டுபிடித்தேன். நான் அண்ணனுக்குப் போன் போட்ட கோப்பு ரெக்கார்டரில் 03:44:05. அண்ணன் தன் போனின் அழைப்புப் பட்டியலை அழிக்காமல் வைத்திருந்தார். அதில் 3:45 என்று இருந்தது. அதாவது உண்மை நேரம் 03:45:00-க்கும் 03:45:59-க்கும் நடுவில் எங்கோ. அப்படியானால் ரெக்கார்டர் குறைந்தது 55 விநாடி, அதிகம் போனால் 1 நிமிடம் 54 விநாடி பிந்தியிருக்கிறது. அடுத்து, கரையிலிருந்து வந்த மூன்றாவது அழைப்பு ரெக்கார்டரில் 04:06:30. அழைத்தவரிடம் கேட்டபோது அவர் போனில் 4:08 என்று இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 1 நிமிடம் 30 விநாடிக்கும் 2 நிமிடம் 29 விநாடிக்கும் இடையில். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 1:30 முதல் 1:54 வரை. நடுவில் 1:42 என்று எடுத்துக்கொண்டேன். மணி அடிக்கத் தொடங்கும் சில விநாடியையும் சேர்த்தால், கால் நிமிடத்துக்கு முன்பின் இருக்கலாம். அதனால் பதிவேட்டில் விநாடி எழுதவில்லை, நிமிடம் மட்டும் எழுதி, "ரெக்கார்டர் நேரத்துடன் 1:42 கூட்டியது" என்று பக்கத்தில் குறித்தேன்.

கூட்டிப் பார்த்ததும் கதை தானாக விரிந்தது. முதல் அழைப்பை எடுத்தது 03:43. அண்ணனிடம் சொல்லத் தொடங்கியது 03:45. அவர் "சரி தம்பி, கிளம்புறேன்" என்றது 03:46. உதவியாளரை எழுப்பி வண்டி நகர்ந்தது, அவர் வாட்ஸப்படி, 03:49. சொன்னது, ஒப்புக்கொண்டது, நகர்ந்தது ஆகிய மூன்றும் வேறு வேறு நேரங்கள். 'அனுப்பியது' என்கிற ஒரே கட்டத்தில் எதைப் போட்டாலும் மற்ற இரண்டும் மறைந்துபோகும். மண்டபம் தெற்கில் வண்டி நின்றது 03:56. அதாவது ஏழு நிமிடத்தில் அவர் நான் சொன்ன இடத்தில் இருந்தார்.

வள்ளத்திலிருந்து ஜிபிஎஸ் எண் வந்தது 03:50. வண்டி நகர்ந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. இந்த இரண்டு நேரத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

04:08-க்கு மூன்றாவது அழைப்பு. "கரைக்கு வந்து அஞ்சு நிமிஷமாச்சு தம்பி, வண்டியக் காணோம்." கரையேறிய நேரம் 04:03 என்று நான் எழுதவில்லை. காத்திருக்கிறவருக்கு ஐந்து நிமிடம் என்பது இரண்டாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். "04:08-க்குச் சொன்னது: அஞ்சு நிமிஷமாச்சு" என்று எழுதினேன். யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லாத நேரத்தைக் கணக்குப் போட்டுக் கட்டத்தில் ஏற்றினால், அடுத்த ஆள் அதை அளந்து எழுதிய நேரம் என்று நம்பிவிடுவார். வண்டியைத் திருப்பியது 04:10. ஊர்க் கரை சேர்ந்தது 04:22. நோயாளியோடு கிளம்பியது 04:31. ராமநாதபுரத்தில் மருத்துவமனை வாசல் 05:02, ஒப்படைத்தது 05:10. வாசல் சேர்வதும் ஒப்படைப்பதும்கூட இரண்டு நேரம்தான். அந்த எட்டு நிமிடமும் வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது.

திருத்திய பதிவில் பழைய வரியை அழிக்கவில்லை. அதை அப்படியே விட்டு, கீழே 'திருத்தம்' என்று தேதி, நேரம், என் பெயர் போட்டுப் புது வரிகள் சேர்த்தேன். இடம் பற்றிய வரிகள் மட்டும் இப்படி வந்தன:

03:43 – அழைத்தவர் இருக்கும் இடம்: கேட்கவில்லை.
03:43 – நோயாளி: வள்ளத்தில், கடலில். (அழைத்தவர் கேள்விப்பட்டுச் சொன்னது)
03:44 – "மண்டபத்துக்கிட்டதான் கரை ஏறுவாங்க." மேசை புரிந்துகொண்டது: மண்டபம் தெற்கு இறங்குதளம். உறுதி செய்யவில்லை.
03:50 – வள்ளத்திலிருந்து சொன்ன எண்: 9, 14, 450 / 79, 4, 200. மேசை மாற்றியது தவறு. சரியானது 9.2408, 79.0700.
04:08 – கரையிலிருந்து: ஊர்க் கரையில் மண்டபக் கட்டடம் அருகே.
04:10 – வண்டி 3 மண்டபம் தெற்கிலிருந்து ஊர்க் கரைக்குத் திருப்பப்பட்டது.

"கேட்கவில்லை", "உறுதி செய்யவில்லை", "மேசை மாற்றியது தவறு" என்று என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. அதை எழுதாமல் அண்ணனின் 37 நிமிடத்தைப் பிரித்துக் காட்ட வழியில்லை. அவர் ஓட்டியது ஏழும் பன்னிரண்டும், மொத்தம் 19 நிமிடம். மீதியில் நான்கு நிமிடம் சொல்லி, எழுந்து, கிளம்பிய நேரம். 14 நிமிடம் நான் சொன்ன இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்த நேரம்.

அந்தத் தம்பிக்கு மருத்துவமனையில் முள்ளை எடுத்துத் தையல் போட்டார்கள். நான்கு நாளில் வீடு திரும்பினார். திருத்திய தாளைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அண்ணனிடம் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். எனக்கு ஒரு வாரம் பகல் மேசையில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகச் சொன்னார்கள். அது நியாயம்தான். அண்ணனிடம் நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதுறதுதான் தம்பி நாங்க ஓட்டுனதுக்குச் சாட்சி" என்றார்.

இப்போது எக்செல் தாளில் 'இடம்' மூன்று கட்டம், 'அனுப்பியது' மூன்று கட்டம். 'சொன்னது யார், பார்த்தாரா கேட்டாரா' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேசைக்கு வந்ததும், என் செல்போனிலிருந்து எங்கள் லைனுக்கே அடித்து, போன் திரையைப் பார்த்து மணி, நிமிடம், விநாடி சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்தக் கோப்பின் பெயரையும் நான் சொன்ன நேரத்தையும் பார்த்தால் அன்றைய வித்தியாசம் தெரிந்துவிடும். கோப்பு தொடங்கியதிலிருந்து என் குரல் வரும்வரை ஓடிய விநாடியை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். அதைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றது. ரெக்கார்டரின் நேரத்தை மாதம் ஒரு தடவை சரிசெய்கிறார்கள். நேற்று ராத்திரி வித்தியாசம் நான்கு விநாடி.